முகத்தைப் புரட்டிப் போட்டால் ஆள் மாறிப்போவது ஏன்: முக மாற்றத்தில் எந்தப் பக்கத்தை எடுப்பது

கேள்வி: அண்ணா, காட்பாடியில எடுத்த கல்யாண ஃபேமிலி போட்டோ, ஆறு பேர் நிக்கிறாங்க. பொண்ணோட அம்மா மட்டும் கண்ண மூடிட்டாங்க. அன்னிக்கு எடுத்ததுலயே அவங்க தனியா நல்லா விழுந்த படம் ரெண்டு இருக்கு. ஒண்ணுல முகம் அதே பக்கம் திரும்பி இருக்கு, ஆனா ஜன்னல் வெளிச்சம் தப்பான பக்கத்துல விழுது. இன்னொண்ணுல வெளிச்சம் அருமை, ஆனா மறுபக்கம் திரும்பி இருக்காங்க. அதை இடம் வலமாப் புரட்டிப் போட்டு முகத்தை மாத்தினேன். மூக்குத்தி, மச்சம் எல்லாம் சரி பண்ணிட்டேன். அம்மா பார்த்துட்டு நல்லா இருக்குன்னாங்க. பொண்ணு மட்டும் "இது எங்க அம்மா மாதிரியே இல்ல"ங்குது. மூணு படத்தையும் மாத்தி முடிச்சதையும் அனுப்பியிருக்கேன். எங்க தப்பு, எந்தப் பக்கம் எடுக்கணும்?

பதில்:

தம்பி, அந்தப் பெண் சொன்னதுதான் சரி. தப்பு புரட்டியதில் இருக்கிறது. ஒட்டிய வேலையில் குறை எதுவும் இல்லை, ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றன. வெளிச்சம் தப்பாக விழுந்த முதல் படத்தைத்தான் எடுக்க வேண்டும். அதிலும் முழு முகம் வேண்டாம், கண் பகுதி மட்டும் போதும். ஏன் என்று சொல்லிவிட்டு, எப்படி என்பதற்கு வருகிறேன்.

முதலில் ஒரு பேச்சு ஒப்பந்தம். கீழே நான் இடது, வலது என்று சொல்வதெல்லாம் அந்த அம்மாவின் இடது, வலது. திரையில் பார்க்கிற நம்முடைய இடது வலது அல்ல. இந்த வேலையில் பாதிக் குழப்பம் இதில்தான் வருகிறது. குரூப் படத்தை பேஸ் என்றும், ஜன்னல் வெளிச்சப் படத்தை முதல் படம் என்றும், நீங்கள் புரட்டியதை இரண்டாம் படம் என்றும் வைத்துக்கொள்வோம்.

பேஸில் அந்த அம்மா நமக்கு வலது ஓரத்தில் நிற்கிறார். மணமக்கள் அவருக்கு வலப்பக்கம். அவர்கள் பக்கம் முகத்தைக் கொஞ்சம் திருப்பியிருப்பதால் கேமராவுக்கு அவருடைய இடது கன்னம் அதிகமாகத் தெரிகிறது. முதல் படத்திலும் இடது கன்னம். இரண்டாம் படத்தில் வலது கன்னம். அதை நீங்கள் ஃபோட்டோஷாப்பில் `Flip Horizontal` போட்டதும், வலது கன்னம் இடது கன்னத்தின் இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. உருவம் பொருந்தினாலும் அது இடது கன்னம் ஆகிவிடாது.

யாருடைய முகமும் நடுவில் கோடு போட்டு மடித்தால் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. உங்கள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்ததில் இந்த அம்மாவுக்கு மூன்று வித்தியாசங்கள் தெளிவாகத் தெரிகின்றன. மூக்கு நுனி வலப்பக்கமாகச் சிறிது சாய்ந்திருக்கிறது. இடது மேல் இமை வலதைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. சிரிக்கும்போது உதட்டின் இடது கோடி முந்திக்கொண்டு ஏறுகிறது. தனித்தனியாகச் சொன்னால் மகளுக்கே இதெல்லாம் தெரிந்திருக்காது. ஆனால் பிறந்ததிலிருந்து பார்த்த முகம் என்பதால், இவை இடம் மாறினால் உடனே உறுத்தும். எது மாறியது என்று விரல் வைத்துக் காட்டத்தான் அவளால் முடியாது.

மூக்கை எடுத்துக்கொள்ளுங்கள், கணக்கு போட்டால் விஷயம் விளங்கும். பேஸ் 6000 பிக்சல் அகலம், ஆறு பேர் சுமார் மூன்று மீட்டர் அகலத்தில் நிற்கிறார்கள். ஆக ஒரு மில்லிமீட்டர் ஏறக்குறைய இரண்டு பிக்சல். நுனி நடுவிலிருந்து 2 மி.மீ. வலப்பக்கம் போயிருக்கிறது என்று வையுங்கள். முகம் வலப்பக்கம் சுமார் 20 டிகிரி திரும்பினால், மூக்கு நுனி முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் அது தானாகவே எட்டு மி.மீ. அளவுக்கு அந்தப் பக்கம் தள்ளித் தெரியும். அதோடு சாய்வு 2 மி.மீ. சேர்ந்து பத்து ஆகிறது. இரண்டாம் படத்தில் அவர் இடப்பக்கம் திரும்பியிருக்கிறார். அங்கே மூக்கு எட்டு மி.மீ. இடப்பக்கம் தள்ளுகிறது, சாய்வு அதில் 2 மி.மீ. பிடித்துக்கொள்கிறது. மிச்சம் ஆறு. புரட்டினாலும் அந்த ஆறு ஆறுதான். பத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆறு. 2 மி.மீ. கோணல் புரட்டியதால் 4 மி.மீ. பிழையாகிவிட்டது, அதாவது எட்டு பிக்சல். கண்கள் 20 டிகிரி திரும்பியதாகச் சொல்கின்றன, மூக்கு 15 டிகிரி என்கிறது. இப்படி ஒரு முகத்துக்குள்ளேயே இரண்டு திசை நுழைந்துவிட்டது. புரட்டும்போது எந்தக் கோணலும் இரண்டு மடங்காகித்தான் வந்து நிற்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

இமையிலும் அதே கதைதான், வேறு விதமாக. பேஸில் இறங்கிய இமை உள்ள இடது கண் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பது கொஞ்சம் பெரிதாகத் தெரியும், தள்ளி இருப்பது கொஞ்சம் குறுகும். ஆகவே சின்னக் கண் பக்கத்திலும் பெரிய கண் தள்ளியும் இருந்தால் இரண்டும் சமமாகத் தெரியும். போர்ட்ரெய்ட் எடுப்பவர்கள் சின்னக் கண்ணைக் கேமரா பக்கம் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். இரண்டாம் படத்தில் பெரிய கண் பக்கத்தில், சின்னக் கண் தூரத்தில். வித்தியாசம் குறைவதற்குப் பதில் கூடிவிட்டது. உங்கள் முடிந்த படத்தில் தூரத்துக் கண்ணை 200 சதவீதத்தில் பாருங்கள், தூக்கக் கலக்கம் போல இருக்கும். பேஸில் கண் மூடியிருந்ததால் ஒப்பிட உங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை, அதனால்தான் நழுவிவிட்டது.

மூக்குத்தியையும் மச்சத்தையும் நீங்கள் வலப்பக்கத்துக்கு மாற்றிய விதம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அவை முகத்தின் மேல் இருக்கும் அடையாளங்கள். முகத்தின் உருவத்தைத் தருவது எலும்பும் இமையும் உதடும். அடையாளத்தை மட்டும் மாற்றி உருவத்தை விட்டதால், "எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் ஆள் இல்லை" என்ற நிலை வந்தது.

அம்மா நல்லா இருக்கு என்றாரே, அதற்கும் காரணம் உண்டு. அவருக்குத் தன் முகம் பெரும்பாலும் கண்ணாடியில் பார்த்த முகம், அதாவது புரட்டிய முகம். 1977இல் மீட்டா, டெர்மர், நைட் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒருவரின் சாதாரணப் படத்தையும் புரட்டிய படத்தையும் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டபோது, படத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் புரட்டியதையும், அவர்களின் நெருங்கிய தோழிகள் சாதாரணப் படத்தையும் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே முகம் மாற்றிய படத்துக்கு அந்த ஆளிடமே ஒப்புதல் வாங்கினால், புரட்டிய பிழை கண்ணில் படாமல் போய்விடும். அனுமதி அவரிடம்தான் கேட்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. சரிபார்க்கக் காட்ட வேண்டியது மகளிடமும் கணவரிடமும்.

இனி, புரட்டினால் தாங்குமா தாங்காதா என்று ஒட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள ஒரு வழி. அந்த ஆளின் நேர்முகப் படம் ஒன்று வேண்டும். ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் பாஸ்போர்ட் சைஸ் படம் இருந்தால் அதுவே உத்தமம். இரண்டு காதும் ஒரே அளவு தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு காது அதிகம் தெரிந்தால் தலை திரும்பியிருக்கிறது, அந்தப் படம் இதற்கு உதவாது, இல்லாத கோணலைக் காட்டும். படத்தை `Ctrl+J` போட்டு ஒரு நகல் லேயர் எடுத்து, நகலை மட்டும் `Edit > Transform > Flip Horizontal` செய்யுங்கள். இரண்டு கண்களின் உள்கோடிகளும், அதாவது மூக்குப் பக்கத்து முனைகளும், கீழ் லேயரோடு பொருந்துகிற மாதிரி நகர்த்துங்கள். பிறகு லேயர் பட்டியலில் மேல் லேயருக்கு எதிரே இருக்கும் கண் சின்னத்தை அழுத்தி அழுத்தி அந்த லேயரை மறைத்துக் காட்டுங்கள். கோணல் உள்ள இடங்கள் துள்ளும். மற்றவை அசையாமல் நிற்கும்.

இங்கே பொட்டை நடுக்கோடாக வைத்துப் பொருத்தாதீர்கள். கையால் வைத்த பொட்டு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருப்பது சகஜம். வகிடும் அப்படித்தான். கண்ணின் உள்கோடி எலும்போடு ஒட்டி இருப்பதால் அதுதான் நம்பகமானது.

துள்ளும் தூரத்தை `Ruler Tool` கொண்டு அளந்து பாருங்கள். மேலே உள்ள பட்டையில் `L1` என்று வருவது நீளம். பெரியவர்களுக்கு ஒரு கண்ணின் வெளிக்கோடியிலிருந்து மறுகண்ணின் வெளிக்கோடி வரை ஏறக்குறைய 9 செ.மீ. இருக்கும். அந்த அளவையும் எடுத்தால் எத்தனை பிக்சல் ஒரு மில்லிமீட்டர் என்று கிடைத்துவிடும். துள்ளும் தூரம் எங்கேயும் ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் புரட்டுவதில் பெரிய ஆபத்து இல்லை. இரண்டைத் தாண்டினால் வீட்டுக்காரர்கள் கண்டுபிடிப்பார்கள். இது வேலை அனுபவத்தில் வைத்துக்கொள்ளும் எல்லை, ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். இந்த அம்மாவுக்கு மூக்கு நுனி மட்டுமே நான்கு துள்ளுகிறது.

அடுத்தது திரும்பிய கோணம். இதற்கு டிகிரி தெரிய வேண்டியதில்லை. இரு புருவங்களுக்கு நடுவே மூக்குத் தண்டு தொடங்கும் இடத்திலிருந்து பக்கத்துக் கண்ணின் வெளிக்கோடி வரை ஒரு அளவு, தூரத்துக் கண்ணின் வெளிக்கோடி வரை ஒரு அளவு. முதலை இரண்டாவதால் வகுங்கள். 1.1 வந்தால் சுமார் 10 டிகிரி, 1.3 என்றால் 20, 1.5 என்றால் 30 என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் பேஸில் 96, 74. வகுத்தால் 1.30. முதல் படத்தில் 246, 198, அதாவது 1.24. இரண்டாம் படத்தில் 240, 184, அதாவது 1.30.

கோணத்திலும் இரண்டாம் படமே ஜெயிக்கிறது, வெளிச்சத்திலும் அதுவே ஜெயிக்கிறது. உங்கள் கை அங்கே போனதில் வியப்பில்லை. ஆனால் வரிசை இதுதான்: முதலில் பக்கம், பிறகு கோணம், அதன் பிறகு முகபாவம், கடைசியில் வெளிச்சம். வெளிச்சத்தை நாம் திருத்தலாம். ஐந்து டிகிரி வித்தியாசத்தையும் ஓரளவு சமாளிக்கலாம். தவறான கன்னத்தைச் சரியான கன்னமாக்க முடியாது. இன்னொருவர் முகத்தை வரைகிற வேலையாகிவிடும்.

இப்போது முதல் படத்தை வைத்து எப்படிச் செய்வது என்று பார்ப்போம். பேஸில் மூடியிருப்பது கண் மட்டும். மூக்கு, வாய், தாடை எல்லாம் அந்த நொடியில் அந்த அம்மாவுடையவை, குரூப்பின் வெளிச்சத்திலேயே எடுத்தவை. அவற்றை ஏன் தூக்கி எறிய வேண்டும்? எவ்வளவு குறைவாக மாற்றுகிறோமோ அவ்வளவு அவர் அவராகவே இருப்பார். கண்ணை மூடும்போது இமை மட்டும் அசைவதில்லை, புருவம் கொஞ்சம் இறங்கும், கீழிமையும் சற்று ஏறும். அதனால் புருவத்தின் பாதியிலிருந்து கீழிமைக்குக் கீழே ஒரு செ.மீ. வரை எடுங்கள். அந்த அளவு போதும். மூக்கு வராததால், ஜன்னல் வெளிச்சத்தில் மூக்கு நிழல் தப்பான பக்கம் விழுந்திருப்பதும் நமக்குத் தொல்லை இல்லை. `Curves` போட்டுச் சரிசெய்ய முடியாத ஒன்று உண்டென்றால் அந்த மூக்கு நிழல்தான்.

முதல் படத்திலிருந்து கண் பகுதியைத் தாராளமாக வெட்டி பேஸில் ஒட்டுங்கள். அளவைக் குறைப்பதற்கு முன் லேயரை `Convert to Smart Object` செய்துவிட்டால், திரும்பத் திரும்ப அளவை மாற்றினாலும் படம் கெடாது. வெளிக்கோடியிலிருந்து வெளிக்கோடி பேஸில் 170, இதில் 444. ஆகவே `Ctrl+T` போட்டு 38 சதவீதம். லேயரின் `Opacity` 50 வைத்துக் கண் கோடிகளைப் பொருத்துங்கள். மூடிய கண்ணிலும் கோடிகள் நான்கும் தெரியும்.

பொருத்திப் பார்த்தால் பக்கத்துக் கண்ணின் வெளிக்கோடி இரண்டு பிக்சல் உள்ளே நிற்கும், தூரத்துக் கண்ணின் வெளிக்கோடி இரண்டு பிக்சல் வெளியே நிற்கும். கோணம் 1.24க்கும் 1.30க்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான், ஒரு பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர். லேயரை இரண்டாக்கிக்கொள்ளுங்கள், இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் தனியாக இரண்டு பிக்சல் நகர்த்தினால் முடிந்தது. இரண்டு கண்ணையும் ஒரே துண்டாக வைத்து இழுத்தால் நடுவில் மூக்குத் தண்டு வீங்கும்.

`Alt` அழுத்திக்கொண்டு மாஸ்க் பொத்தானைத் தட்டினால் கறுப்பு மாஸ்க் வரும். மென்மையான வெள்ளை பிரஷ், பத்து பிக்சல் அளவு, அதால் கண்ணைத் திறந்துகொண்டே வாருங்கள். ஓரத்தைப் புருவ முடிக்குள்ளும் இமை மடிப்பிலும் மறைத்தால் தெரியாது. கன்னத்தின் வழவழப்பான நடுவில் ஓரம் முடிந்தால் திட்டாகத் தெரியும், கல்யாண மேக்கப் பளபளப்பில் இன்னும் பளிச்சென்று தெரியும்.

பிறகு வெளிச்சம். பேஸில் மெயின் லைட் நமக்கு இடப்பக்கம், அதாவது அவருக்கு வலப்பக்கம். பக்கத்துக் கன்னம் மெல்லிய நிழலில் இருக்கிறது. முதல் படத்தில் ஜன்னல் அவருக்கு இடப்பக்கம், பக்கத்துக் கண்ணைச் சுற்றி வெளுத்திருக்கிறது. ஒவ்வொரு கண் லேயருக்கும் மேல் ஒரு `Curves`, `Alt+Ctrl+G` போட்டு அந்த லேயரோடு கட்டுங்கள். இடது கண்ணை இறக்குங்கள், வலது கண்ணை ஏற்றுங்கள். எவ்வளவு என்பதற்குக் கண்ணுக்குக் கீழே உள்ள தோலையும் அதை ஒட்டிய பேஸ் தோலையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வெண்விழியை வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள், அது சுற்றியுள்ள நிறத்தை வாங்கிக்கொள்ளும்.

கருவிழியில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கும், லைட்டின் பிரதிபலிப்பு. மற்ற ஐந்து பேருக்கும் அது கடிகாரத்தின் பத்து மணி இடத்தில் இருக்கிறது. முதல் படத்தில் இரண்டு மணி இடத்தில். பழையதை அழித்துவிட்டு, இரண்டு மூன்று பிக்சல் அளவில் பத்து மணி இடத்தில் வையுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், காரணம் தெரியாமலே பார்வை வேறெங்கோ போவது போல இருக்கும். கடைசியாகக் கூர்மை. 38 சதவீதமாகக் குறைத்த துண்டு, பேஸைவிடக் கூர்மையாக இருக்கும். `Gaussian Blur` 0.3 முதல் 0.6 வரை கொடுத்து, பக்கத்தில் நிற்பவரின் இமை முடியோடு ஒப்பிட்டு நிறுத்துங்கள்.

மறுபக்கப் படம் தவிர வேறு வழியே இல்லை என்றால் என்ன செய்வது என்று அடுத்து கேட்பீர்கள். நேர்முகப் படத்தில் துள்ளிய தூரங்களை எழுதி வைத்திருப்பீர்கள் அல்லவா, அவைதான் இங்கே திருத்தும் அளவுகள். புரட்டிய முகத்தில் `Liquify` போட்டு மூக்கு நுனியை நான்கு மி.மீ. தூரத்துப் பக்கம் தள்ளுங்கள், பக்கத்து இமையை அது துள்ளிய அளவு இறக்குங்கள், தூரத்து இமையை அவ்வளவு ஏற்றுங்கள், பக்கத்து உதட்டுக் கோடியை உயர்த்துங்கள். பெரிய பிரஷ் கொண்டு ஒரே தள்ளாகத் தள்ளுவது நல்லது, சின்ன பிரஷ்ஷால் குத்திக் குத்தித் தள்ளினால் தோல் அலையலையாகும். 20 டிகிரிக்குள் இது ஒப்பேறும். அதற்கு மேல் திரும்பிய முகத்தில் கன்ன எலும்பின் வெளிக்கோடே மாறுவதால் எவ்வளவு தள்ளினாலும் அமையாது. அங்கே நிறுத்திக்கொண்டு வீட்டுக்காரர்களிடம் வேறு படம் கேட்பதே நேர்மை.

அப்படிக் கேட்டால் பெரும்பாலும் செல்ஃபிதான் வரும். அதில் ஒரு பொறி இருக்கிறது. முன் கேமரா சில போன்களில் கண்ணாடி போலப் புரட்டியே சேமிக்கும், சிலவற்றில் சரியாகச் சேமிக்கும். ஐபோனில் இது `Mirror Front Camera` என்ற அமைப்பைப் பொறுத்தது. ஆக, வந்த படம் எந்தப் பக்கம் என்று தெரியாமலே நீங்கள் "அதே பக்கம்" என்று எடுத்து ஒட்டிவிடலாம். ஆடையைப் பாருங்கள், அது சொல்லிவிடும். புடவை முந்தானை இடது தோளில் விழும். மடிசார் கட்டில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள், ஐயர் வீட்டுக் கட்டில் அது வலது தோளில் வரும். ஆண்களின் சட்டைப் பை இடது மார்பில், பட்டன் வரிசை வலது பக்கத் துணியில். பின்னால் கடைப் பலகையோ காலண்டரோ இருந்தால் எழுத்தே காட்டிக் கொடுக்கும். மூக்குத்தியை வைத்துப் பொதுவாக முடிவு கட்ட முடியாது, நம் பக்கம் இரண்டு பக்கமும் குத்துவார்கள், ஒரு பக்கமும் குத்துவார்கள். அந்த ஆளின் வேறு படத்தோடு ஒப்பிட்டால்தான் அது சாட்சி. இன்னொன்று, கையை நீட்டி மிக அருகில் எடுத்த செல்ஃபியில் மூக்கு பெருத்துக் காது பின்வாங்கும். மூன்று நான்கு மீட்டர் தள்ளி எடுத்த குரூப்பில் அந்த முகம் பக்கம் சரியாக இருந்தாலும் பொருந்தாது. கண்ணை மட்டும் எடுக்கலாம், முழு முகத்தை எடுக்க வேண்டாம்.

முக மாற்றத்தில் பக்கம் தேர்வது முற்றிலும் வேறு விதமாகும் ஒரு இடம் உண்டு. காலமான பெரியவரைக் குடும்பப் படத்தில் சேர்க்கச் சொல்லி வருவார்களே, அது. வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டையை ராணுவ கிராமம் என்றே சொல்வார்கள். அந்த மாதிரி ஊர்களிலிருந்து ஒரே ஒரு சீருடைப் படத்தைக் கொண்டுவந்து, "தாத்தாவை எங்களோட நிக்க வையுங்க" என்று கேட்டால், தேர்ந்தெடுக்க இன்னொரு பக்கம் கிடையாது. புரட்டலாம் என்று தோன்றும். புரட்டினால் இடது மார்பில் இருக்க வேண்டிய பதக்கங்கள் வலது மார்புக்குப் போகும், பெயர்ப் பட்டையில் எழுத்து திரும்பும். அந்த ஊரில் அதைக் கவனிக்காதவர் இருக்க மாட்டார். பதக்கத்தைத் திருத்தினாலும் முகம் பழைய குறையோடுதான் நிற்கும்.

அங்கே முகத்தைப் புரட்டாமல் ஆளின் இடத்தை மாற்றுங்கள். தாத்தாவின் படத்தில் வலது கன்னம் தெரிகிறது, அதாவது அவர் தன் இடப்பக்கம் பார்க்கிறார் என்றால், குடும்பம் அவருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். அப்படியானால் அவரை நமக்கு இடது ஓரத்தில் நிறுத்த வேண்டும். அப்போது அவர் குடும்பத்தைப் பார்ப்பது போல அமையும், ஒரு பிக்சல் கூடப் புரட்ட வேண்டாம். புதிதாக குரூப் எடுக்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் வசதி. பழைய படத்தை முன்கூட்டியே வாங்கி, அவர் முகத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்த்து, அதே பக்கம் உங்கள் லைட்டை வைத்து, இடது ஓரத்தில் ஒரு ஆள் நிற்கிற இடத்தைக் காலியாக விட்டு எடுத்துவிடுங்கள்.

உங்கள் படத்துக்குத் திரும்புகிறேன். கண்ணை மாற்றி முடித்ததும் 12×18இல் முழு பிரின்ட் போடுவதற்கு முன், அந்த அம்மா நிற்கிற பகுதியை மட்டும் 4×6 தாளில் ஒன்று எடுங்கள். என்ன மாற்றினீர்கள் என்று சொல்லாமல் மகளிடம் கொடுங்கள். முதலில் அவள் பார்வை புடவையிலோ நகையிலோ போய் நின்றால் வேலை முடிந்தது. நேராக முகத்துக்குப் போய் அங்கேயே நின்றால், தூரத்துக் கண்ணின் இமையை மறுபடியும் அளந்து பாருங்கள்.